சிறப்புரைக்கு முன் அறிமுகவுரை: எத்தனை நிமிடம் பேசலாம்?

ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்திலோ கல்லூரித் தமிழ் மன்றத்திலோ சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யும் பொறுப்பு முதல்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்குவதற்கு முன் எத்தனை நிமிடம் பேசுவது என்பதை முடிவு செய்யுங்கள். நேரம் தெரிந்துவிட்டால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். நேரத்தை முடிவு செய்யாமல் எழுத உட்கார்ந்தால், விருந்தினர் அனுப்பிய தன்விவரக் குறிப்பு முழுவதும் உரைக்குள் வந்துவிடும்.

முதலில் ஒரு அளவு சொல்கிறேன், காரணம் பிறகு. 10 நிமிட உரைக்கு ஒரு நிமிடத்துக்குள் அறிமுகம் போதும். 20 நிமிட உரை என்றால் ஒன்றரை நிமிடம் வரை போகலாம். 40 முதல் 50 நிமிட உரைக்கு 2 நிமிடம், மிஞ்சினால் இரண்டரை. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ பேசுகிறவருக்கும் 3 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி என்று 2021இல் தமிழக அரசு வரையறுத்தது. எல்லோருக்கும் பழகிய நேரம் அது. 50 நிமிட உரைக்கு முன்னால் நீங்கள் பேசுவது, அந்த வாழ்த்தை இரண்டு முறை பாடி முடிக்கும் நேரம்தான்.

இந்த அளவில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். உரை ஐந்து மடங்கு நீண்டாலும் அறிமுகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் நீள்கிறது. 10 நிமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால், 50 நிமிடத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. அறிமுகத்துக்கு உள்ள வேலை உரையின் நீளத்தோடு சேர்ந்து வளர்வதில்லை என்பதுதான் காரணம். இன்று என்ன கேட்கப் போகிறோம், அதை இவர் வாயால் ஏன் கேட்க வேண்டும், அது நமக்கு எதற்கு என்ற மூன்றையும் கேட்பவர்கள் தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது. ஒன்றரை மணி நேர உரைக்கும் அதே மூன்றுதான்.

கீழேயும் ஒரு எல்லை இருக்கிறது. 5 நிமிடமே பேசுகிறவருக்கும் அரை நிமிட அறிமுகம் வேண்டும். பேச்சாளர் மாறும்போது நாற்காலி நகரும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள், யாராவது எழுந்து போவார்கள். இதெல்லாம் அடங்க அரை நிமிடம் ஆகும். அந்த நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் பேச்சாளரின் முதல் வாக்கியங்கள் அதில் போய்விடும்.

எப்போது கூட்டலாம்? பேசுபவர் அவையினருக்கு முற்றிலும் புதியவர் என்றால் அரை நிமிடம் கூட்டலாம். பொருள் பழக்கமில்லாதது, ஒரு விளக்கம் முன்கூட்டியே கிடைத்தால்தான் உரை பிடிபடும் என்றாலும் அரை நிமிடம் கூட்டலாம். பேசுபவர் புகழ்பெற்றவர் என்பதற்காக மட்டும் கூட்டாதீர்கள். புகழ் கூடினால் அறிமுகம் குறைய வேண்டும். அமெரிக்காவில் அதிபரை மேடைக்கு அழைக்கும்போது அவர் பதவியை மட்டும் சொல்வது மரபு, பெயரைக்கூடச் சொல்வதில்லை. நம் மேடைகளிலோ எல்லோருக்கும் தெரிந்த எழுத்தாளர் வந்தால்தான் அறிமுகம் பத்து நிமிடம் ஓடுகிறது. அவையினர் அறிந்ததையே திரும்பச் சொல்லும் அந்த நேரம், அவர்கள் பேச்சாளரிடமிருந்து கேட்க வந்த நேரம்.

அழைப்பிதழில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம்

உரை எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தானே அறிமுகத்தின் அளவை வைக்க முடியும்? அழைப்பிதழில் "மாலை 6.00 – 8.00" என்று மட்டும் இருக்கும். உண்மையில் பேச்சாளருக்குக் கிடைக்கும் நேரத்தை, அரங்கைப் பூட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏரித் தண்ணீரை வெளியே விடப் பழங்காலத்தில் கட்டிய குமிழித்தூம்பு பற்றி, ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் நூலக அரங்கில் பேசுகிறார். 50 நிமிடம் வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். 8 மணிக்கு அரங்கைப் பூட்டிவிடுவார்கள். நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் 6 நிமிடம் போனால் 7.54. கேள்வி நேரம் 20 நிமிடம், ஆக உரை 7.34க்கு முடிந்தாக வேண்டும். இனி முன்பக்கம். ஆட்கள் வந்து சேர 6.15 ஆகும். வாழ்த்துப் பாடல் ஒரு நிமிடம், வரவேற்புரை 5 நிமிடம், ஆக 6.21. தலைமையுரைக்கு 10 நிமிடம் என்று போட்டிருந்தாலும் 15 ஆகும் என்று வைத்தால் 6.36. பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் எல்லாம் சேர்ந்து 6 நிமிடம். ஒலிவாங்கி உங்கள் கைக்கு வரும்போது மணி 6.42.

6.42இலிருந்து 7.34 வரை 52 நிமிடம். அவருக்கு 50 போக உங்களுக்கு 2. நீங்கள் 7 நிமிடம் பேசினால் அவருக்கு 45தான் மிஞ்சும். அவர் குறைக்கும் 5 நிமிடம் பெரும்பாலும் உரையின் கடைசிப் பகுதியில்தான் குறையும். பேச்சாளர்கள் முக்கியமானதை வைத்திருக்கும் இடமும் அதுதான்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, கூட்டம் நடத்துபவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். இன்னொன்றும் அதில் தெரியும். 6.15இலிருந்து 6.44 வரை, கிட்டத்தட்ட அரை மணி நேரம், சிறப்புரைக்கு முன்பே கழிந்துவிடுகிறது. அவையினருக்கு வரவேற்புரை வேறு, தலைமையுரை வேறு, அறிமுகவுரை வேறு என்ற கணக்கு இல்லை. பேச்சாளர் பேசத் தொடங்கும்வரை நடப்பதெல்லாம் அவர்களுக்கு முன்னுரைதான். ஆகவே உங்கள் 2 நிமிடத்தை மட்டும் பார்த்தால் போதாது. வரவேற்பவரும் தலைவரும் விருந்தினரைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். "நீங்கள் பெயர் சொல்லி வரவேற்றால் போதும், அவர் செய்த வேலையைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று பணிவாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் உரை முடிந்த பிறகு வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். உரையைக் கேட்ட பிறகு போர்த்தும் பொன்னாடைக்குக் கைதட்டலும் கூடுதலாகக் கிடைக்கும்.

நிமிடத்தைச் சொற்களாக மாற்றுங்கள்

2 நிமிடம் என்பது எத்தனை சொல்? ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிப் புத்தகங்கள் நிமிடத்துக்கு 130, 150 சொற்கள் என்று கணக்குச் சொல்லும். அது தமிழுக்கு ஒத்துவராது. "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். உங்கள் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது கட்டுரையை எடுத்து, மேடையில் பேசும் நிதானத்தில், கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். நிறுத்திய இடம்வரை சொற்களை எண்ணுங்கள். நிதானமாகப் பேசுகிறவர்களுக்கு 80க்கும் 100க்கும் இடையில் வரும். 90 என்றால் 2 நிமிடத்துக்கு 180 சொற்கள். கைதட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் விட்டு 150இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். "மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்..." என்று ஒவ்வொருவராகத் தொடங்கினால் ஒரு நிமிடம் அதற்கே போய்விடும். வரவேற்புரையில் எல்லோரையும் பெயர் சொல்லி விளித்தாகிவிட்டது. உங்களுக்கு "மேடையில் உள்ள பெரியோர்களுக்கும் அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்" என்ற ஒரு வரி போதும்.

150 சொல்லுக்குள் எதை வைப்பது

மேற்சொன்ன பொறியாளர் ஒரு பக்கத் தன்விவரம் அனுப்பியிருக்கிறார். பிறந்த ஊர், படித்த பள்ளி, பட்டம், வேலை பார்த்த ஏழு ஊர்கள், பதவி உயர்வுகள், உறுப்பினராக உள்ள சங்கங்கள், பெற்ற விருதுகள், எழுதிய கட்டுரைகள். அப்படியே படித்தால் 5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைய உரையை நம்பிக் கேட்க இது உதவுகிறதா? ஏழு ஊர்களில் புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்த காலம் மட்டும் உதவுகிறது, குமிழித்தூம்புகளை அவர் பார்த்தது அங்கேதான். விருதுகள் உதவவில்லை. ஓய்வுக்குப் பிறகு தூம்புகளை அளந்து வரைந்தார் என்ற ஒற்றை வரி, தன்விவரத்தின் அடியில் கிடக்கிறது. மேலே வர வேண்டியது அதுதான்.

தன்விவரத்தோடு நின்றுவிடாமல் அவரை ஒருமுறை அழைத்து, "ஐயா, எதைச் சொல்லித் தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அறிமுகம் தவறாகப் போகும் இடங்களில் இது முக்கியமானது. இவர் உரையின் உயிர், தூம்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை இருப்பதுதான். மேல்துளை நீரோடி, அதன் வழியே தண்ணீர் போகும். கீழ்த்துளை சேறோடி, அடியில் படியும் வண்டலைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளும். அதை அவர் படம் போட்டு மெல்லத் திறந்து காட்டப்போகிறார். நீங்கள் ஆர்வத்தில் அறிமுகத்திலேயே சொல்லிவிட்டால், அவர் பத்து நிமிடம் கட்டி எழுப்ப வேண்டியது முதலிலேயே உடைந்துவிடும். கேள்வியை மட்டும் எழுப்புங்கள், விடையை அவரிடம் விடுங்கள்.

இப்படி எழுதலாம்:

"மேடையில் உள்ள பெரியோர்களுக்கும் அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நம் ஊர் ஏரிக்கு மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். கோடையில் தண்ணீர் வற்றியதும் கரைக்குச் சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் தெரிகின்றனவே, அவை எதற்கு? ஆடு மேய்ப்பவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். அந்தத் தூண்களுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதுதான் இன்றைய உரை.

பேச வந்திருப்பவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தூர்ந்துபோன தூம்புகளை ஊர் ஊராகத் தேடிப் போய், மண்ணை விலக்கி, நாடா பிடித்து அளந்து, வரைந்து வைத்திருக்கிறார். அந்த வரைபடங்களை இன்று திரையில் காட்டுகிறார். காலையில் நம் ஏரிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஆகவே அதைப் பற்றியும் நீங்கள் கேட்கலாம். உரை 50 நிமிடம், அதன் பிறகு கேள்வி நேரம். 'ஏரிக்குள் ஒரு தூம்பு' என்ற தலைப்பில் உரையாற்ற வருமாறு ஐயா..."

இங்கே பெயர். பெயரோடு சேர்த்து மொத்தம் சுமார் 110 சொற்கள், நிதானமாகப் பேசினால் ஒன்றரை நிமிடம். பழக்கமில்லாத பொருளை அவரவர் ஊர் ஏரியில் கொண்டுவந்து வைத்தாயிற்று. இவர் ஏன் பேசலாம் என்பதற்கு அளந்து வரைந்த வேலையே போதும், "மாபெரும் அறிஞர்" என்ற பட்டம் தேவைப்படவில்லை. பட்டங்களை நீக்கினாலே பெரும்பாலான அறிமுகவுரைகள் பாதியாகச் சுருங்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. பவணந்தி முனிவர் நன்னூலில், நூலின் முன்னுரையான சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுப் பொருள் வகுக்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். மேலே உள்ள அறிமுகத்தில் ஆக்கியோன், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய ஐந்தும் இருக்கின்றன. மேடையில் பேசும் உரைக்கு அவை போதும். "தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்றும் அவர் சொல்கிறார். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது தகாது என்பதால்தான் பாயிரத்தை இன்னொருவர் பாடுகிறார், மேடையில் அறிமுகம் செய்ய நீங்கள் நிற்கிறீர்கள். அளவுக்கும் அங்கே முன்மாதிரி உண்டு. தொல்காப்பியம் சுமார் 1600 நூற்பா. பனம்பாரனார் அதற்குப் பாடிய பாயிரம் 15 அடி. அதிலும் தொல்காப்பியன் என்ற பெயர் பதினான்காவது அடியில்தான் வருகிறது. நிலமும் பொருளும் முறையும் அரங்கேறிய அவையும் முதலில், பெயர் கடைசியில். பெயரைச் சொன்னதும் அவை கைதட்டும், பேச்சாளர் எழுந்து வருவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல ஏதும் மிச்சமிருக்கக் கூடாது.

கூட்டம் நடக்கும்போது நேரம் மாறினால்

எழுதிய அறிமுகத்தைத் தாளில் எடுத்துப் போகும்போது, விடக்கூடிய வாக்கியங்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு வையுங்கள். மேலே உள்ளதில் ஆடு மேய்ப்பவர்கள் வரி, புதுக்கோட்டை வரி, ஏரியைப் பார்த்து வந்தார் என்ற வரியும் அதைத் தொடரும் வரியும் அப்படிப்பட்டவை. அடைப்புக்குள் இருப்பதை விட்டுப் படித்தால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். தாளின் அடியில் இரண்டு வரிச் சுருக்கம் ஒன்றும் எழுதிக்கொள்ளுங்கள்: "ஏரிக்குள் நிற்கும் அந்தக் கல்தூண்களைப் பற்றி, அவற்றை நேரில் அளந்து வரைந்த பொறியாளர் பேசுகிறார்" என்பதும், பெயரும்.

தலைமையுரை 7 மணிவரை ஓடிவிட்டது என்றால் நேராக அந்த இரண்டு வரிக்குப் போய்விடுங்கள். பேச்சாளரின் நேரம் ஏற்கெனவே 24 நிமிடம் குறைந்திருக்கிறது, உங்கள் 2 நிமிடத்தையும் சேர்த்துக் குறைக்காதீர்கள். தலைவர் தன்விவரம் முழுவதையும் படித்துவிட்டார் என்றாலும் அதுதான் வழி. "தலைவர் சொன்னதுபோல" என்று தொடங்கி அதையே திரும்பச் சொல்ல வேண்டாம். தலைவர் தொடாத ஒன்று, அதாவது உரையின் கேள்வி, உங்களிடம் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் சொல்லி அழையுங்கள்.

எதிர்மாறாகவும் நடக்கும். மடிக்கணினி திரையோடு இணையவில்லை, சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும் என்று கைகாட்டுவார்கள். அறிமுகத்தை நீட்டி அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். அறிமுகத்தை நிறுத்தி வைத்துவிட்டு, "படம் தயாரானதும் தொடங்குகிறோம்" என்று சொல்லி, அடுத்த மாதக் கூட்டத்தின் அறிவிப்பையோ நூலக அறிவிப்பையோ படியுங்கள். இணைந்த பிறகு அறிமுகத்தைச் சொன்னால் அது உரையோடு ஒட்டி நிற்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நீண்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பேச்சாளரைப் பாருங்கள். உங்கள் முதல் நிமிடத்தில் அவர் அவையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குறிப்புத் தாளைப் புரட்டி ஏதோ அடிக்கத் தொடங்கினால், தன் உரையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவையில் வாக்கியத்தின் நடுவே கைதட்டல் எழுந்தால், பாராட்டென்று எடுத்துக்கொண்டு தொடராதீர்கள். அந்த இடத்திலேயே பெயரைச் சொல்லி அழைத்துவிடுங்கள்.

இந்த அளவு பொருந்தாத மேடைகளும் உண்டு. பாராட்டு விழாவில் அவரைப் பற்றிப் பேசுவதே நிகழ்ச்சி, அங்கே அறிமுகம் என்று தனியாக ஒன்று இல்லை. பட்டிமன்றத்தில் நடுவரின் தொடக்கவுரை நிகழ்ச்சியின் ஒரு பகுதி, அது பத்துப் பதினைந்து நிமிடம் போனாலும் அவை அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறது. அங்கே நடுவரை அறிமுகம் செய்பவருக்குத்தான் அரை நிமிடக் கணக்கு. நினைவுச் சொற்பொழிவில் இரண்டு பேரை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும்: யார் நினைவாக நடக்கிறதோ அவரும், பேச வந்திருப்பவரும். இரண்டையும் ஒருவரே செய்தால் நினைவுக்குரியவரைப் பற்றிய நெகிழ்ச்சியில் பேச்சாளர் ஓரமாகிவிடுவார். மறைந்தவரைப் பற்றி அவர் குடும்பத்தாரோ மாணவரோ வரவேற்புரையோடு சேர்த்து 3 நிமிடம் பேசட்டும். பேச்சாளருக்கான 2 நிமிடத்தை நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.